பைக்கில் அலைந்த ஆட்டோ லெவல்: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

சர்வீஸ் முடிந்து, நிலத்தின் உயர வித்தியாசம் அளக்கும் என் ஆட்டோ லெவல் கைக்கு வந்திருக்கும் நேரத்தில், கிருஷ்ணகிரியில் டிப்ளமோ சிவில் படிக்கும் தம்பி ஒருவன், “அண்ணா, பழைய ஆட்டோ லெவல் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா?” என்று கேட்டான். நான் வைத்திருப்பதும் பழையதுதான். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையெல்லாம் கேட்டலாகிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது ஒரே ஒரு தொல்லையைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காம்பன்சேட்டர் பிரமாதம். வட்டக் குமிழைச் சுமாராக நடுவில் கொண்டுவந்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் பக்கத்துக் கல் ரோட்டில் பைக்கில் கட்டிக்கொண்டு போனால், பார்வைக் கோடு மெல்லச் சாய்ந்துவிடுகிறது. குமிழ் நடுவில்தான் நிற்கும், கண்ணாடியும் பளிச்சென்று தெரியும். வெளியில் எதுவும் காட்டிக்கொடுக்காது.

மோசம் என்னவென்றால், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே மூடும்போது மிஞ்சும் குளோசிங் எரரும் காட்டிக்கொடுக்காது.

பென்னாகரம் பக்கம் ஒரு மலைக்கிராம ரோட்டுக்கு லெவல் எடுத்தோம். ஏற்றத்தில் போகும்போது மேலே இருக்கும் ஸ்டாஃப் என்ற அளவுகோலைக் கிட்டத்தில்தான் வைக்க முடியும். தள்ளி வைத்தால் பார்வைக் கோடு தரையில் முட்டிவிடும். கீழே இருக்கும் ஸ்டாஃப் 4 மீட்டர் உயரம் என்பதால் அதைத் தூரத்தில் வைக்கலாம். அதனால் பின்னால் பார்க்கும் பேக் சைட் 50 மீட்டர், முன்னால் பார்க்கும் ஃபோர் சைட் 30 மீட்டர் என்ற கணக்கில்தான் எல்லா செட்டப்பும் அமைந்தது. லெவலின் சாய்வு, பிறகு சோதித்ததில், மீட்டருக்கு 0.12 மில்லிமீட்டர் மேல்நோக்கி இருந்தது. பேக் சைட்டில் 6 மி.மீ. கூடுதல், ஃபோர் சைட்டில் 3.6 மி.மீ. கூடுதல். ஆக ஒவ்வொரு செட்டப்பிலும் 2.4 மி.மீ. பொய்யான ஏற்றம். 20 செட்டப்பில் 48 மி.மீ.

திரும்பி அதே வழியில் இறங்கும்போது பேக் சைட் கிட்டத்திலும் ஃபோர் சைட் தூரத்திலும் போய்விடும். ஏறும்போது கூடிய 48 இறங்கும்போது அப்படியே கழிந்துவிடும். 3.2 கிலோமீட்டர் சுற்றி வந்து புறப்பட்ட பெஞ்ச் மார்க்கில் மூடினால், மிச்சம் வெறும் 9 மி.மீ. சாதாரண லெவலிங்குக்கு, K கிலோமீட்டருக்கு 24√K மி.மீ. என்ற வரம்பில் 43 மி.மீ. வரை விடலாம். 12√K என்று கறாராகப் பார்த்தாலும் 21 வரை போகலாம். 9 என்றதும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

அப்புறம் வழக்கம்போல அந்த 9 மி.மீ.-ஐ 40 செட்டப்புக்கும் பங்கு போட்டோம். உச்சி 20-ஆவது செட்டப்பில் வருவதால் அதற்கு 4.5 மி.மீ. கழியும். 48 தப்பில் 4.5 போனால் என்ன ஆகும்? உச்சியில் வேறொரு வேலைக்காக, இரு பக்கமும் சம தூரம் வைத்துக் கொண்டுவந்த டி.பி.எம். என்ற தற்காலிக பெஞ்ச் மார்க் ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டதில் 44 மி.மீ. உயரத்தில் நின்றோம். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட் அப்படியே போயிருக்கும். பங்கு போடுவது தற்செயலாகச் சேர்ந்த சிறு பிழைகளுக்குத்தான். ஒரே திசையில் இழுக்கும் பிழை, மூடும்போது தன்னைத் தானே ஒளித்துக்கொள்கிறது.

பக்கங்களையும் கோணங்களையும் அளந்து சுற்றிவரும் டிராவர்ஸிலும் இதே கதைதான். 30 மீட்டர் டேப் 15 மி.மீ. நீண்டிருந்தால் எல்லாப் பக்கமும் 2000-க்கு 1 குறைவாக அளக்கப்படும். உருவமே சுருங்கிவிடுவதால் சுற்று அழகாக மூடும். கோணக் கூட்டுத்தொகையும் சரியாக வரும். 600 மீட்டர் சுற்றில் வடக்கு-தெற்கு தூரமான லாட்டிட்யூட் 0.060 மீட்டர் மிச்சம் என்றால், பக்க நீளத்துக்கு ஏற்பப் பங்கு போடும் பவுடிச் முறைப்படி 150 மீட்டர் பக்கத்துக்கு 0.015 மீட்டர் திருத்தம் போடுவோம். நீண்ட டேப் அந்தக் கணக்கில் தலைகாட்டாது. பரப்பளவு மட்டும் 1000-க்கு 1 குறைந்து நிற்கும்.

லெவலைப் பிடிக்க டூ பெக் டெஸ்ட்தான் வழி. ஏ, பி என்று 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெக். நடுவில் வைத்துப் பார்த்தபோது ஏ 1.420, பி 1.185, வித்தியாசம் 0.235. இரண்டு தூரமும் சமம் என்பதால் சாய்வு அடிபட்டுப்போகும், இது நிஜ வித்தியாசம். பிறகு ஏ-க்குப் பின்னால் 2 மீட்டரில் வைத்தால் ஏ 1.512. பி 1.277 வர வேண்டும், 1.283 வந்தது. 50 மீட்டருக்கு 6 மி.மீ. ஐபீஸ் பக்கம் மூடியைக் கழற்றி, குறுக்குக் கம்பியின் திருகைத் திருப்பி 1.277-க்கு இறக்க வேண்டும்.

சர்வீஸ் கடையில் இதைத்தான் செய்து காசு வாங்கினார்கள். வீட்டுக்கு பைக்கில் கொண்டுவந்து மறுபடி டெஸ்ட் போட்டால் 2 மி.மீ. வந்துவிட்டது. எரிச்சலாக இருக்காதா?

தம்பி, நீ அதை வாங்காதே. காரில் போகிறவன் வாங்கட்டும். என்னுடையதை விலைக்குக் கேட்கிறவர்களும் கேட்க வேண்டாம், கொடுக்கிற எண்ணம் இல்லை.