பழைய எளிய காரா, வசதிகள் நிறைந்த புதிய காரா: ஓட்டிப் பராமரிக்க எது மலிவு?

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய கார் ஒன்றையும், வாரண்டி முடிந்த, வசதிகள் நிறைந்த கார் ஒன்றையும் மூன்று ஆண்டுகள் ஒருசேர வைத்திருந்து, கடைசியில் புதியதை விற்றுவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விபத்துப் பாதுகாப்பில் பழைய கார் புதியதற்கு ஈடாகாது. அதில் வாதமே இல்லை. எரிபொருளிலும் புதியதே சிக்கனம். என் பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடித்தது. புதியது 6 லிட்டரோடு நின்றது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அது 180 லிட்டர் கூடுதல் செலவு, தாங்கக்கூடியதுதான். 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதுவே 750 லிட்டர் ஆகிவிடும். அவருக்கு என் முடிவு பொருந்தாது.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: ஏதாவது பழுதாகும்போது, எவ்வளவு சிறிய பாகத்தை மாற்றி வண்டியைத் திரும்ப ஓடவைக்க முடிகிறது என்பது. இரண்டு கார்களிலும் பேட்டரி சார்ந்த தொல்லை வந்ததால் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தது.

பழைய காரில் முதல் அறிகுறி, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும், மல்டிமீட்டர் 12.3 காட்டியது, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, கார்பன் பிரஷ்கள் இரண்டும் தேய்ந்து, ஸ்லிப் ரிங்கைச் சரியாக அழுத்தாமல் இருந்தன. உள்ளே கரிப்பொடி படிந்திருந்தது. ஸ்லிப் ரிங்கை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பிரஷ்களோடு சேர்ந்தே வரும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினோம். பேரிங்கைக் கையால் சுழற்றினால் சத்தமின்றிச் சுழன்றது, எனவே அதைத் தொடவில்லை. அன்று மாலையே மீட்டர் 14.2 காட்டியது. முழு ஆல்டர்னேட்டரின் விலையில் மிகச் சிறிய பங்கே செலவாயிற்று.

புதிய காரில் முதலில் நின்றது, சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைத்துத் திரும்ப இயக்கும் வசதி. சில வாரங்களில் ஸ்டீயரிங், பிரேக் என்று ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள் தோன்றின. அவற்றில் எந்தப் பழுதும் இல்லை; மின்னழுத்தம் சரிந்தால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் தனித்தனியே முறையிடும், அவ்வளவுதான். இங்கே மல்டிமீட்டர் மட்டும் போதாது, ஏனெனில் ஆல்டர்னேட்டர் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்பதை இன்ஜின் கணினி நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. ஒருமுறை 12.7, மறுமுறை 14.8 என்று வந்தாலும் இரண்டும் சரியானவையாக இருக்கலாம். கணினி கேட்ட அளவையும் ஆல்டர்னேட்டர் தந்த அளவையும் ஸ்கேன் கருவியில் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பழுது எங்கே என்று பிடிபடும்.

எங்கள் காரில் பேட்டரிதான் தளர்ந்திருந்தது. அடிக்கடி அணைந்து எழும் வண்டிகளுக்கு ஏஜிஎம் போன்ற தாங்குதிறன் கூடிய பேட்டரி வேண்டும். முதலில் போன பட்டறையில் சாதாரண பேட்டரியைப் போட்டார்கள். மாற்றியதைக் கணினியில் பதிவும் செய்யவில்லை. பதிவு கட்டாயமான கார்களில் அதைச் செய்யாவிட்டால், பழைய பேட்டரியே இருப்பதாக எண்ணிக் கணினி சார்ஜ் செய்துகொண்டிருக்கும். எட்டே மாதத்தில் அந்தச் சாதாரண பேட்டரி படுத்துவிட்டது. உரிய பேட்டரி, பதிவுக் கூலி, வீணான முந்தைய பேட்டரி என மூன்று செலவுகள் சேர்ந்தன. ஆல்டர்னேட்டரே கெட்டிருந்தால் இன்னும் மோசம்: கணினியோடு பேசும் ரெகுலேட்டருக்கு அதே வகை மாற்றுப்பாகம் கிடைக்காவிட்டால் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்வார்கள். வாரண்டி உள்ளவரை இதெல்லாம் உரிமையாளரை உறுத்தாது. முடிந்த பிறகுதான் கணக்கு புரட்டிப்போடப்படுகிறது.

பழைய காருக்குத் தொடர்ந்த கவனிப்பு வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் சரிபார்ப்பதையும் நானே செய்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுப்பவருக்கு இந்த லாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். கார்புரேட்டர் இல்லாத, ஆனால் மின்னணுக் கட்டுப்பாடுகள் குறைவாக உள்ள இடைக்காலக் கார்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல தேர்வாக இருக்கக்கூடும். அவற்றை நான் நீண்ட காலம் வைத்திருந்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

பழையதை வாங்குபவர் இன்ஜினைவிட, காரின் உடலில் துரு இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, சஸ்பென்ஷன் பொருத்தப்படும் இடங்கள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். திடமான கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி எழுந்தாலோ, முனையால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலோ, பிரஷ் மாற்றிச் சேமித்த பணம் அத்தனையும் வெல்டிங்குக்கே போய்விடும். அந்தக் காரை விட்டுவிடுங்கள்.