நிருபருக்கு எழுதும் குறிப்பும் பாட்காஸ்டுக்கு எழுதும் குறிப்பும்: ஒரு பாய்த் தறியை வைத்து ஓர் ஒப்பீடு

பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற அக்கா ஒருவருக்காகப் போன கார்த்திகையில் இரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று திருநெல்வேலிப் பதிப்புக்குச் செய்தி கொடுக்கும் நாளிதழ் நிருபருக்கு. இன்னொன்று சிறுதொழில்காரர்களை உட்காரவைத்துப் பேசும் தமிழ் பாட்காஸ்ட் நடத்துபவருக்கு. "ரெண்டுல எது தம்பி நமக்கு ஆகும்?" என்று அக்கா கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டும் வேறு வேறு பொருளைக் கேட்கின்றன என்பதை எழுதி அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். அக்கா நெய்வது கல்யாணப் பாய். கோரையை ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்வார்கள். பாயின் ஓரத்தில் மணமக்கள் பெயர் எழுத்தெழுத்தாக நெய்யப்பட்டிருக்கும். அவர் கையில் அப்படி ஒரு பாய்க்கு மூன்று வாரம் ஆகும். தையில் கல்யாணம் என்றால் மார்கழி பிறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். அதனால் எங்களுக்கு நேரம் முக்கியம்.

நாளிதழ் நிருபருக்கு என்ன வேண்டும்? நடந்த ஒன்று வேண்டும். பத்தமடைப் பாய் அழகானது, பாரம்பரியமானது, புவிசார் குறியீடு வாங்கியது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதாகச் சொல்லும் கதையை அந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதை முதல் வரியில் வைத்தால் இரண்டாவது வரியைப் படிக்கமாட்டார். எங்களிடம் இருந்த புதுச் சங்கதி ஒன்றே ஒன்றுதான். அக்காவின் வீட்டில் ஆறு பெண்கள் அந்த வருஷம் பெயர் நெய்யக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் வெளியூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அதையே முதல் வரியாக வைத்தேன்.

நிருபருக்கு அனுப்பியது இதுதான்:

"வணக்கம் சார். பத்தமடையில் இந்த வருஷம் ஆறு பெண்கள் கல்யாணப் பாயில் பெயர் நெய்யக் கற்றிருக்கிறார்கள். இருவர் கம்பெனி வேலையை விட்டு வந்தவர்கள். தை முகூர்த்தத்துக்காக 14 பாய்கள் இப்போது தறியில் இருக்கின்றன. காலை 10 முதல் மதியம் 1 வரை எல்லோரும் தறியில் இருப்பார்கள், நேரில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். கற்றுக்கொடுப்பவரும் கற்றவர்களும் பேசத் தயார். பாய் வாங்கிய ஒரு குடும்பமும் பேசச் சம்மதித்திருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை வரை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்."

இதில் பாயின் விலை இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். விலையும் "ஆர்டருக்கு அழைக்கவும்" என்ற வரியும் இருந்தால் அது விளம்பரப் பிரிவுக்குப் போகவேண்டிய சரக்காகத் தெரியும். வாங்கிய குடும்பத்தைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. விற்பவர் மட்டும் பேசினால் அது விற்பவரின் பேச்சு. வேறொருவரும் பேசினால்தான் நிருபர் அதைச் செய்தியாக எழுதி மேலே அனுப்ப முடியும், அங்கே கேள்வி வந்தாலும் பதில் சொல்ல முடியும்.

கடைசி இரண்டு வரிகளை நான் பட்டுத்தான் கற்றேன். அதற்கு முந்தின வருஷம் வேறொரு கடைக்காக ஒரே குறிப்பை ஐந்து நிருபர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் வண்டியைப் போட்டுக்கொண்டு நேரில் வந்து, அரை நாள் இருந்து, படமெல்லாம் எடுத்துப் போனார். மறுநாள் காலை வேறு பத்திரிகையில் அதே செய்தி வந்துவிட்டது. அவர் எழுதியது அப்படியே கிடந்துபோனது. அதன்பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. ஒருவருக்கு மட்டும் கொடுத்து ஒரு கெடு சொல்வது, கெடு தாண்டினால் அவரிடமே சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவது, இதுதான் மரியாதை.

அனுப்பும் நேரமும் உண்டு. மாலையில் நிருபர் அன்றைய செய்தியை அனுப்பி முடிக்கிற அவசரத்தில் இருப்பார், அப்போது நம் செய்தி அடியில் போய்விடும். காலை பத்து மணி வாக்கில் வாட்ஸப்பில் அனுப்பினேன். படங்களை டாக்குமெண்ட்டாக இணைத்தேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் மங்கலாக வரும். கடை வாசலில் நின்று சிரிக்கிற படம் வேண்டாம். பெயரின் ஓர் எழுத்து பாதி நெய்த நிலையில், அதன்மேல் ஒரு கை. அது போதும்.

இனி பாட்காஸ்ட். இங்கே நடந்த ஒன்று தேவையில்லை. முக்கால் மணி நேரம் பேசக்கூடிய ஓர் ஆள் தேவை. ஆறு பெண்கள் கற்றார்கள் என்பது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் என்ன பேசுவது?

எங்களிடம் அதற்கும் ஒன்று இருந்தது, ஆனால் நான் அதைக் கதையாகவே நினைத்திருக்கவில்லை. சில வருஷம் முன்பு ஒரு மாப்பிள்ளைக்குத் 'தமிழரசன்' என்று நெய்யவேண்டிய இடத்தில் அக்கா 'தமிளரசன்' என்று நெய்துவிட்டார். கட்டம் போட்ட தாளில் எழுத்தை வரைந்து கொடுத்தவர் ளகரமாக வரைந்திருந்தார். பார்த்தது பாயை முடித்த பிறகு. மூன்று வார வேலை, பிரிக்கவும் முடியாது, கல்யாணத்துக்கு எட்டு நாள். அவர் என்ன செய்தார், பெண் வீட்டாரிடம் எப்படிப் போய்ச் சொன்னார், அந்தப் பாய் இப்போது எங்கே இருக்கிறது என்பதை அக்கா சொல்லும்போது கேட்டவர் எழுந்து போகமாட்டார். நிருபருக்கு இது செய்தியே இல்லை, பழைய சங்கதி. பாட்காஸ்ட் நடத்துபவருக்கு இதுதான் சரக்கு.

அவருக்கு எழுதியது:

"உங்கள் நிகழ்ச்சியில் அச்சகக்காரர் ஒருவர் தன் கைப்பிழைகளைப் பற்றிப் பேசிய பகுதியைக் கேட்டேன். அதைக் கேட்டதும் இவர் ஞாபகம் வந்தது. பத்தமடையில் மணமக்கள் பெயரைப் பாயில் நெய்பவர். ஒரு மாப்பிள்ளையின் பெயரில் ழகரத்துக்குப் பதில் ளகரத்தை நெய்துவிட்டு, கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பெண் வீட்டுக்குப் போய் நின்றவர். அதன்பிறகு தன் தொழிலில் எதை மாற்றினார் என்பதை அவரே சொல்வார். அவர் பேசுவது எப்படி என்று தெரிய ஒரு நிமிஷக் குரல் பதிவை இணைத்திருக்கிறேன். நெல்லைப் பேச்சு, தறிச் சத்தமும் கொஞ்சம் இருக்கும். மதியத்துக்கு மேல் அமைதியாகப் பேச முடியும்."

குரல் பதிவுதான் இதில் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. எவ்வளவு நன்றாக எழுதினாலும், ஆள் மைக் முன்னால் வாய் திறப்பாரா என்பது எழுத்தில் தெரியாது. நான் எழுதிக் கொடுத்து அக்காவைப் படிக்கச் சொல்லவில்லை. கோரை கிழித்துக்கொண்டே பேசியதை என் போனில் பதிவு செய்தேன். நடுவில் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள், அக்கா பதில் சொல்லிவிட்டுத் தொடர்கிறார். அப்படியே அனுப்பினேன்.

முதல் வரியில் குறிப்பிட்ட பகுதியை உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும். "உங்கள் நிகழ்ச்சிக்கு நான் ரசிகன்" என்று மட்டும் எழுதினால், கேட்காமல் எழுதியது உடனே தெரிந்துவிடும். நான்கைந்து பகுதிகள் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். சில நிகழ்ச்சிகளில் வருகிறவர்கள் எல்லோரும் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்பவர்களாக இருப்பார்கள். அங்கே நம் அக்காவுக்கு இடமில்லை, எழுதுவது வீண். பணம் வாங்கிக்கொண்டு பேட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் பதில் வந்த உடனே கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. பணம் கொடுத்து வருவது விளம்பரம், அதை விளம்பரக் கணக்கில்தான் பார்க்கவேண்டும்.

சரி, இரண்டிலும் என்ன கிடைத்தது?

நாளிதழில் சில நாளில் வந்தது, படத்தோடு இரண்டு பத்தி அகலத்தில். நாங்கள் சொன்னதில் பாதி இல்லை, ஒரு பெண்ணின் வயது தப்பாக இருந்தது. அச்சுக்கு முன்னால் காட்டுங்கள் என்று நிருபரிடம் கேட்கக்கூடாது, அதனால் பெயர், வயது, எண்ணிக்கையை முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். அன்று காலை ஏழு மணியிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைகளில் எண் வாங்கி அக்காவுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். முப்பது அழைப்புக்கு மேல். நிறையப் பேர் கேட்டது சாதாரணப் படுக்கைப் பாயின் விலை. மூன்றாம் நாள் போன் அமைதியாகிவிட்டது. தைக்கு நான்கு ஆர்டர் உறுதியானது, எல்லாம் நெல்லை, தென்காசிப் பக்கம்.

பாட்காஸ்டுக்கு அதே வாரம் பதில் வந்தது, பதிவு செய்தது மார்கழியில், வெளியானது மாசி பாதியில். தை முகூர்த்தம் போயே போய்விட்டது. அழைப்பும் குறைவு. ஆனால் அழைத்தவர்கள் விலை கேட்டு வைத்துவிடவில்லை. மூன்று வாரம் ஆகும் என்பது தெரிந்தே பேசினார்கள், பெயரைத் தாங்களே எழுத்துப் பிழை பார்த்து அனுப்பினார்கள். வைகாசி வரை வாரத்துக்கு ஒருவராவது வந்தார்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும். மொத்தம் ஒன்பது ஆர்டர்.

ஒன்பது நான்கைவிடப் பெரியதுதான். ஆனாலும் இன்னொரு முறை செய்தாலும் நிருபருக்குத்தான் முதலில் எழுதுவேன். காரணம் தேதி. தை ஆர்டருக்கான வாசல் மார்கழிக்கு முன்னால் மூடிவிடும், பாட்காஸ்ட் நடத்துபவர் எப்போது வெளியிடுவார் என்பது நம் கையில் இல்லை. பத்திரிகையில் வந்ததால் இன்னொன்றும் நடந்தது. கற்றுக்கொண்ட பெண்களில் ஒருவரின் அப்பா, அதுவரை வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறார். பாட்காஸ்டை அப்படி மாட்ட முடியாது.

தேதி நெருக்காத தொழில் என்றால் என் தீர்ப்பு மாறும். வருஷம் முழுக்க விற்கிற பொருள், வெளியூருக்கு அனுப்ப முடிகிற பொருள், வாங்குபவருக்கு விளக்கம் தேவைப்படுகிற பொருள், இதற்கெல்லாம் பாட்காஸ்ட்தான் முதல். பேசத் தெரிந்த ஆள் இல்லை என்றால் மட்டும் அதை விட்டுவிடவேண்டும். அக்காவின் வீட்டிலேயே அவருடைய அண்ணன் இருக்கிறார், கோரையைத் தொட்டே எந்த ஆற்றங்கரையில் வெட்டியது என்று சொல்லிவிடுவார். ஆனால் கேட்ட கேள்விக்கு "ஆமா", "இல்ல" என்பதைத் தாண்டி வராது. அவரைப் பற்றி எழுத ஒரு நிருபர்தான் நேரில் வரவேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறைதான் நினைவூட்டுவேன். நிருபருக்கு மூன்று நாள் கழித்து, பாட்காஸ்டுக்குப் பத்து நாள் கழித்து. அதிலும் "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்கமாட்டேன், புதிதாக ஏதாவது ஒன்றைச் சேர்ப்பேன். பாட்காஸ்டுக்கு இந்த முறை அது தேவைப்படவில்லை. நிருபருக்கு அனுப்பிய நினைவூட்டல் ஒரு வரிதான்: "சார், 14 பாயில் முதல் பாய் நாளைக் காலை தறியிலிருந்து இறங்குகிறது." அன்று மாலையே கூப்பிட்டு, பத்தமடையில் எந்தத் தெரு என்று கேட்டார்.