எழுப்பினாலும் எழாத தூக்கம்: காத்திருப்பதா, போனில் கேட்பதா, கிளினிக்கா, அவசரப் பிரிவா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டிலிருந்து போன். "அக்கா, பாப்பா பன்னிரண்டேகாலுக்குத் தூங்கினவ இன்னும் எழுந்திருக்கல. எழுப்பினா கண்ணைத் திறக்கறா, உடனே சொருகிக்கறா." குழந்தைக்கு ஒரு வயது எட்டு மாதம். வழக்கமாக மதியம் ஒன்றரை மணிநேரம் தூங்குவாள். நான் குழந்தைகள் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ். இறங்கிப் போவதற்குள் அந்த வீட்டில் நாலு யோசனைகள் ஓடிக்கொண்டிருந்தன.

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த பாட்டி, "ராத்திரியெல்லாம் ரயில்ல வந்த பிள்ளைம்மா, விடு, தூங்கட்டும். வேணும்னா உப்பு மிளகாய் சுத்திப் போடறேன்" என்றார். அப்பா வீடியோவில் டாக்டரைப் பிடிக்க செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெருமுனை கிளினிக், ஆனால் ஞாயிறு அது ஆறரைக்குத்தான் திறக்கும். தாத்தா மட்டும், "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றார். நாலுமே அந்த வீட்டுக்கு நியாயமாகத் தோன்றியவைதான். எது எப்போது சரி என்பதை அந்தக் குழந்தையை வைத்தே சொல்கிறேன்.

விட்டுவிடலாமா?

ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணிநேரம் தூங்குவது இயல்பு. தடுப்பூசி போட்ட நாள், காய்ச்சல் வந்த நாள், முந்தின இரவு தூக்கம் கெட்ட நாள் என்றால் இன்னும் ஒன்றிரண்டு மணி கூடலாம். ஆகவே பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

விளக்கைப் போட்டு, தூக்கி உட்காரவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள். வெறும் அசதியில் தூங்கும் குழந்தை சிணுங்கும், கையைத் தட்டிவிடும், அம்மாவைத் தேடும், சில நிமிடத்தில் கண் உங்கள் முகத்தில் நிற்கும், பாலோ பிஸ்கட்டோ கேட்கும். அப்படி எழுந்து ஆளைப் பார்த்து ஏதாவது குடித்துவிட்டு மறுபடி படுத்தால் படுக்கட்டும். ஒரு மணிநேரம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்தால் போதும்.

இந்தக் குழந்தை அழவே இல்லை. தலை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. கண் திறந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. விழித்திருக்க வேண்டிய நேரத்தில் சுற்றி நடப்பதில் ஆர்வமில்லாமல் சோர்ந்து கிடப்பதும், குடிக்கவே முடியாததும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பதும், வலிப்பும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொது ஆபத்து அறிகுறிகளாக அரசு சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லித் தரப்படுபவை. ஒன்று இருந்தாலும் உடனே அனுப்பு என்பதே அந்தப் பயிற்சி. பாட்டியின் யோசனை அங்கேயே தள்ளுபடி ஆனது. உப்பு மிளகாய் சுற்றுவதைக் கிளம்பும்போது சுற்றிக்கொள்ளலாம், அதற்காக நிற்கக் கூடாது.

போனில் டாக்டர்

வீடியோவில் டாக்டரால் மூச்சையும் நிறத்தையும் ஓரளவு பார்க்க முடியும். காய்ச்சலுக்கு மருந்தின் அளவு கேட்கவோ, லேசான சளிக்கோ நல்ல வழி. சோர்ந்து கிடக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "நேரில் கொண்டு போங்கள்" என்பதுதான். அதற்காக இருபது நிமிடம் வரிசையில் நிற்பது நஷ்டம். முக்கியமாக, அந்தத் திரையில் ரத்தச் சர்க்கரை தெரியாது.

ரத்தச் சர்க்கரையைத்தான் நான் முதலில் நினைத்தேன். காரணம், மேஜைமேல் தாத்தாவின் மருந்துப் பை. ஊரிலிருந்து வரும் பெரியவர்களின் பையில் சர்க்கரை மாத்திரை இருக்கும், அதைப் பூட்டி வைக்கும் பழக்கம் அவர்கள் வீட்டில் இருந்திருக்காது. தாத்தா சாப்பிடுவது கிளிமிபிரைடு 2 மில்லிகிராம். பத்து மாத்திரை அட்டையில் காலையோடு நாலு தீர்ந்திருக்க வேண்டும். எண்ணினால் ஐந்து குழி காலி. எங்கேயாவது விழுந்ததோ என்று பாயைத் தூக்கிப் பார்த்தோம், இல்லை.

இந்த வகை மாத்திரை, சர்க்கரை ஏற்கெனவே குறைவாக இருந்தாலும் கணையத்தை இன்சுலின் விடச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெரியவருக்கு அளவான ஒரு மாத்திரை, பதினோரு கிலோ குழந்தைக்கு ஆபத்து. தூங்கும்போது சாப்பாடும் இல்லாததால் இன்னும் வேகமாக இறங்கும். வெறும் மெட்ஃபார்மின் ஒரு மாத்திரை இப்படி சர்க்கரையைக் கீழே தள்ளுவது அபூர்வம். ஆனால் நம் ஊரில் இரண்டும் சேர்ந்த மாத்திரை சாதாரணம், அதனால் அட்டையின் பின்பக்கம் உள்ள பெயர்களை முழுக்கப் படிக்க வேண்டும்.

தாத்தாவின் குளுக்கோமீட்டரே அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்தும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். குழந்தையின் விரலில் வாழைப்பழமோ சர்க்கரையோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, புது ஊசியால் விரல் நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும். காட்டியது 41. குழந்தைகளுக்கு 70-க்குக் கீழே இறங்கினாலே கவலை, 60-க்குக் கீழே வந்தால் நிற்கக் கூடாது. மீட்டர் 110 காட்டியிருந்தாலும் மாத்திரை காணவில்லை என்பதால் நான் போகத்தான் சொல்லியிருப்பேன். இந்த மாத்திரையில் சர்க்கரை பல மணிநேரம் கழித்தும் விழும்.

விஷ முறிவு ஆலோசனைக்கென்றே ஒரு எண் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையம், 1800 116 117. குழந்தை நன்றாக விழித்திருந்து, எதையோ விழுங்கியதை நீங்கள் பார்த்திருந்தால் இதுதான் முதல் அழைப்பு. வயது, எடை, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை காணவில்லை, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். எங்கள் விஷயத்தில் அப்பா ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே பேசினார். சோர்ந்த குழந்தைக்கு அழைப்பும் பயணமும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர், கிளினிக், அவசரப் பிரிவு

கிளம்புவதற்குள் ஒன்று செய்தோம். 200 மில்லி தண்ணீரில் தட்டையாக நாலு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் கொஞ்சம் உதட்டில் வைத்துப் பார்த்தோம். விழுங்கினாள். அதனால் நாற்பது மில்லி போலக் கொடுத்தோம். விழுங்கவில்லை, இருமுகிறாள், வாயோரம் வழிகிறது என்றால் ஒரு சொட்டுகூடக் கொடுத்திருக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்து.

பதினைந்து நிமிடத்தில், ஆட்டோவில் பார்த்தபோது 63. குழந்தை கண்ணைத் திறந்து "அம்மா" என்றாள். அப்போது அப்பா, "சரியாயிடுச்சே, கிளினிக் திறக்கற நேரமும் நெருங்குது, அங்கயே காட்டிடலாமா?" என்று கேட்டார். இந்த இடத்தில்தான் பலர் திரும்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது கொடுத்த சர்க்கரையே கணையத்தை மறுபடி இன்சுலின் விடத் தூண்டும். ஏறும், பிறகு முன்னைவிட மோசமாகவும் விழலாம். வீட்டில் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீர் ஆஸ்பத்திரி வரை வண்டியை இழுக்கும், அவ்வளவுதான்.

கிளினிக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலேயே டாக்டர் இருந்து, வீட்டில் மீட்டர் இல்லாமல் இருந்தால், அங்கே சர்க்கரை பார்த்து, டிரிப் ஏற்ற நரம்பில் ஊசி போட்டு வைத்து அனுப்புவது பெரிய உதவி. ஆனால் இரவு முழுக்க மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கும் இடம் அதுவல்ல. பெங்களூரில் குழந்தைகளைப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும், கே.ஆர். மார்க்கெட் பக்கம் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணி விலாஸும். உங்கள் பக்கத்தில் எது என்பதை நிதானமாக இருக்கும் ஒரு நாளில் தெரிந்து வையுங்கள். தனியார் என்றால் வழியிலேயே போன் செய்து, இப்போது குழந்தை டாக்டர் பணியில் இருக்கிறாரா, படுக்கை இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

ஆட்டோவா, 108-ஆ? குழந்தை எழுப்பக் கொஞ்சமாவது அசைகிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் முதலில் எந்த வண்டி கிளம்புகிறதோ அதில் ஏறுங்கள், ஒருவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வரட்டும். வலிப்பு, மூச்சு விட்டு விட்டு வருவது, உதடு நீலம், எதற்குமே எழாதது என்றால் 108 அல்லது 112. தலையில் அடிபட்டு வாந்தி தொடர்ந்தாலும், கழுத்து விறைத்துக் காய்ச்சல் இருந்தாலும், கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் வந்தாலும், விட்டு விட்டு வீரிட்டு அழுது நடுவில் துவண்டு போனாலும் வீட்டில் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அவசரப் பிரிவுதான்.

இன்னொரு சந்தேகத்தையும் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: ரயிலில் தூங்கவைக்க யாராவது சளி மருந்து கொடுத்தீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான். குளோர்பெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. தூக்கம் வரும் என்பதற்காகவே அதைக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே யாரும் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

அன்றிரவு குளுக்கோஸ் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணிக்கு 52-க்கு இறங்கியது. இன்சுலின் சுரப்பதை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டபிறகு நின்றது. காலையில் டிரிப்பை மெல்லக் குறைத்தார்கள். இதில் டிரிப் நின்ற பிறகும் குழந்தை தானாகச் சாப்பிட்டு, சர்க்கரை நிலையாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள், ஒரு முழு நாளாவது ஆகும். இரண்டு முறை 90-க்கு மேல் வந்தபிறகு செவ்வாய்க்கிழமை காலை அனுப்பினார்கள். தாத்தா வாசலில் உட்கார்ந்து, காலி ஐந்து குழியுள்ள அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் கேட்டபோது காட்டுவதற்காகக் கொண்டுவந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.