அடர்த்தியான முடிக்கு எந்தக் கத்தரி: தின்னிங்கா, டெக்ஸ்ச்சரைசிங்கா?

பார்லரில் "வெயிட் எடுத்துடலாமா?" என்று கேட்டால் தலையாட்டும் முன் கையில் இருக்கும் கத்தரியைப் பாருங்கள். ஒரு பக்கம் சாதா பிளேடு, மறுபக்கம் சீப்பு மாதிரி முப்பது நாற்பது பல் நெருக்கமாக இருந்தால் அது தின்னிங். பல் அகலமாக, ஏழிலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் டெக்ஸ்ச்சரைசிங். முதலாவது ஒரு மூடலில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முடியை எடுக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். இரண்டாவது பாதியைக்கூட எடுத்துவிடும், கொத்துக் கொத்தாக இடைவெளி விடும்.

இதில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில் இரண்டு முறை மூடுவதில்தான். முப்பது சதவீதம் எடுக்கும் கத்தரியால் இரண்டு தடவை வெட்டினால் மிஞ்சுவது பாதி. பாதி எடுப்பதால் என்றால் கால் பங்குதான். அதனால் ஒரு வெட்டு, உடனே சீவி விழுந்ததை எடுத்துவிட்டுப் பார்ப்பது, தேவையென்றால் ஒரு அங்குலம் கீழே தள்ளி அடுத்தது.

நேரான, தோளுக்குக் கீழே நீண்ட, நுனி துடைப்பம் மாதிரி கனமாக நிற்கும் முடிக்கு என் ஓட்டு தின்னிங்குக்குத்தான். முடி காய்ந்த பிறகு, நடு நீளத்திலிருந்து கீழே மட்டும், உள் அடுக்கில். லேயர் வெட்டிய முடியில் கோடு கோடாகத் தெரிந்தால் அதை மழுக்கவும் இதுவே போதும். டெக்ஸ்ச்சரைசிங் கத்தரி குட்டையான, அடர்ந்த முடியில் நுனியைக் கலைத்துவிட நன்றாக இருக்கும். நீள முடியில் படிக்கட்டு தெரியும்.

சுருட்டை, அலை முடி என்றால் இரண்டுமே வேண்டாம் என்பேன். சுருள் என்பது பக்கத்து முடிகள் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுவது, நடுவில் சிலதை மட்டும் குட்டையாக்கினால் அவை கூட்டத்தில் சேராமல் தனியே சிலிர்க்கும். சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் இன்னும் மோசம். வகிடு பக்கத்தில், வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் தின்னிங் போட்டுவிட்டார்கள். முதல் நாள் அப்படி ஒரு லேசு, சொக்கிப் போனேன். மூன்றாவது வாரம் குட்டை முடிகள் விறைத்து எழுந்து மேலிருந்த நீள முடியைத் தூக்க, தலை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது! முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும், அவை தன் கனத்தில் படிய அரை வருடம் ஆனது. அதற்குள் பார்லரில் "புது முடி வளருது" என்று சமாதானம் வேறு.

புது முடியா என்று கண்டுபிடிப்பது சுலபம். சிலிர்த்து நிற்பதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி ஊசி மாதிரி மெலிந்திருந்தால் புதிதாக முளைத்தது. தடிமன் குறையாமல் மொட்டையாக நின்றால் கத்தரி பட்டது. நுனி பிரஷ் மாதிரி பிரிந்திருந்தால் சாயமோ சூடோகூடக் காரணமாக இருக்கலாம், ஆனால் வெட்டிய சில வாரத்திலேயே அப்படி என்றால் முனை மழுங்கிய கத்தரி முடியை நறுக்காமல் மென்றிருக்கிறது என்றுதான் சந்தேகப்படுவேன்.