திரையில் 14 பேர், ஹாலில் 31 பேர்: மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "எங்க கூடப் படிச்ச செட்டும் ஒண்ணுசேரப் போறோம். வெளிநாட்டுல இருக்கிறவங்களை ஆன்லைன்ல சேர்க்கணும். நீங்க எப்படிப் பண்ணீங்க?" ஆறு வருடத்தில் மூன்று முறை இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும், எழுதிவிடுகிறேன்.

நேரக் குழப்பம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவில் மட்டும் நாள் குறிக்காதீர்கள். லண்டனில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியிருப்பார்கள், நியூயார்க்கில் இன்னும் திருப்பியிருக்க மாட்டார்கள். வழக்கமான ஐந்து மணி நேர வித்தியாசம் அந்த வாரம் நான்காகிவிடும். எங்களுக்கு இருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, குரூப் போட்டோ முடிந்த பிறகு கை அசைத்தார்கள்.

சரி, என் தீராத வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். சத்தம்.

முதல் முறை லேப்டாப்பை மேடை ஓரத்தில் வைத்து, அதன் மைக்கையே நம்பினோம். ஹாலில் எல்லாம் பிரமாதம். அன்று இரவு திரையில் இருந்தவன் ஒருவன் அனுப்பிய செய்தி: "டேய், மூணு மணி நேரம் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரியே இருந்துச்சுடா." தூரத்தில் இருக்கும் மைக்குக்கு வாயிலிருந்து வரும் பேச்சைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் அதிகம் கேட்கும். இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாம் முறை கொஞ்சம் தேறினோம் என்று நினைத்தோம். எல்லா மைக் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டி வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்தோம். திரையில் பேசுபவர்களின் குரல் ஹாலில் கேட்க, லேப்டாப்பிலிருந்து மிக்சருக்கு இன்னொரு ஒயர். பேச்சு தெளிவாகப் போனது. ஆனால் திரையில் யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் குரலே அரை வினாடி கழித்து அவர்களிடம் திரும்பிப் போனது. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு யாரால் பேச முடியும்? இரண்டு வாக்கியத்தில் எல்லாரும் மியூட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்களோ அவர்கள் பக்கத்து ஹெட்போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ, தவறு அவர் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில்தான் என்பது அப்போது தெரியாது.

காரணம் எளிது. மிக்சரின் மொத்த வெளியீட்டை லேப்டாப்புக்குக் கொடுத்திருந்தோம், அந்த மொத்தத்துக்குள் லேப்டாப்பிலிருந்து வந்த குரலும் இருந்தது. எதிரொலியை வீடியோ கால் செயலி நீக்கப் பார்த்து, பேச்சையும் சேர்த்து நறுக்கியது. மூன்றாம் முறை, எந்தச் சேனல் எவ்வளவு போகவேண்டும் என்று தனியாகக் கலந்து அனுப்ப மிக்சரில் இருக்கும் ‘ஆக்ஸ்’ வெளியீட்டிலிருந்து ஒயர் எடுத்தோம். அதில் ஹால் மைக்குகளை மட்டும் திறந்துவிட்டு, லேப்டாப் வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை முழுக்கப் பூஜ்யத்தில் வைத்தோம். தொழிலில் இதை மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். ஒரே ஒரு குமிழ்! அதற்காக ஒரு சந்திப்பையே காவு கொடுத்திருக்கிறோம். திரையில் ஒருவர் பேசும்போது மேடை மைக்கைக் குறைத்துவிடுவதும் அவசியம், இல்லையென்றால் ஸ்பீக்கர் வழியாக அதே குரல் மறுபடி நுழைந்துவிடும். ஹாலில் இருப்பவன் எவனாவது ஆசையாகத் தன் போனிலும் அதே கூட்டத்தில் மைக்கோடு சேர்ந்தால் ஊளைச் சத்தம்தான், அது தனிக் கதை.

இவ்வளவு செய்தும் சிரிப்பு மட்டும் போய்ச் சேரவில்லை. கையில் பிடிக்கும் மைக் வாயருகே இருப்பதைத்தான் பிடிக்கும். போதாததற்கு, செயலியின் இரைச்சல் நீக்கம் கைதட்டலையும் கூட்டச் சிரிப்பையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருவன் ஜோக் சொல்கிறான், பிறகு மயான அமைதி. கடைசியில் ஒரு மைக்கை நடு மேசையில் வைத்து, அதை ஆக்ஸுக்கு மட்டும் அனுப்பி, ஹால் ஸ்பீக்கருக்குப் போகாமல் அடைத்து, இரைச்சல் நீக்கத்தையும் அணைத்தோம். பாத்திரச் சத்தமும் சேர்ந்துதான் போனது. யாரும் புகார் சொல்லவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பெரிய திரையை அணைத்துவிட்டு, திரை நண்பர்களை ஒவ்வொருவராகத் தனி வீடியோ காலில் கூப்பிட்டு மேசைக்கு ஒரு போன் வைத்தோம். தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போனில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனோடு நாற்பது நிமிடம் பேசினான். மேடையில் மைக்கைக் கொடுத்தபோது "எல்லாருக்கும் வணக்கம்" என்பதைத் தாண்டாதவன் அவன்.

அதனால் நண்பருக்கு என் பதில்: பெரிய திரை, மிக்சர், ஒயர் எதுவும் வேண்டாம். மேசைக்கு ஒரு போனும் அதற்கு ஒரு சார்ஜரும் போதும். எங்கள் குரூப்பிலும் அடுத்த முறை என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். எழுதிய கையோடு, போன தடவை எட்டாமல் போனதே என்று பத்து மீட்டர் ஆடியோ ஒயர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.