REJECT என்கிறது, யார் தடுத்தது என்று சொல்வதில்லை: விபிசி ஃப்ளோ லாக்கோடு என் அனுபவம்

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு சின்ன மென்பொருள் குழுவுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கள் சர்வர்கள் முதலில் அமேசான் கிளவுடின் சிங்கப்பூர் ரீஜனில் இருந்தன. 2024 ஆகஸ்டில் மலேசிய ரீஜன் திறந்த பிறகு ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்தோம். நெட்வொர்க்கில் எது போனது, எது தடுக்கப்பட்டது என்று வரி வரியாக எழுதிவைக்கும் விபிசி ஃப்ளோ லாக்கை நான் தினமும் திறந்து பார்க்க ஆரம்பித்தது அந்த இடமாற்றத்தின்போதுதான்.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான வடிவத்தில் ஒரு வரிக்கு 14 புலங்கள். யார் அனுப்பியது, யாருக்கு, எந்தப் போர்ட், எத்தனை பாக்கெட், எத்தனை பைட் எல்லாம் இருக்கும். கடைசிக்கு முந்தைய புலத்தில் ACCEPT அல்லது REJECT. எந்த விதி தடுத்தது என்பது மட்டும் எங்கும் இருக்காது. அதை நாமேதான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தடுக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் செக்யூரிட்டி குரூப். அதில் அனுமதி விதிகள் மட்டுமே உண்டு. தடை விதி என்று ஒன்று கிடையாது. அதனால் அது தடுத்தால் 'எந்த விதி தடுத்தது' என்ற கேள்விக்கே இடமில்லை. பொருந்தும் விதி எதுவும் இல்லை என்பதுதான் பதில். மற்றவர் நெட்வொர்க் ஏசிஎல், சப்நெட்டின் வாசலில் நிற்பவர். அதன் விதிகளுக்கு எண் உண்டு, சின்ன எண்ணிலிருந்து பார்த்துக்கொண்டே வரும், எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியில் இருக்கும் `*` விதி தடுத்துவிடும்.

இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். செக்யூரிட்டி குரூப்புக்கு ஞாபகம் உண்டு: போகவிட்ட இணைப்பின் பதிலைத் திரும்பக் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். ஏசிஎல்லுக்கு ஞாபகமே கிடையாது. பதிலையும் புது ஆளைப் போலவே விசாரிக்கும். ஆகவே கேள்வி ACCEPT, அதற்கான பதில் REJECT என்று இரண்டு வரிகளும் கண்ணில் பட்டால், தடுத்தது ஏசிஎல்தான். கேள்வியே REJECT ஆனால் இருவரில் யாராகவும் இருக்கலாம். நான் செக்யூரிட்டி குரூப்பை முதலில் பார்ப்பேன், தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது 2025 ஜூனில் நான் இழுத்துவைத்த ஒரு வினை. எங்கள் ஆப் சர்வர்கள், தன் முகவரியைப் போட்டு அவற்றை இணையத்துக்கு அனுப்பும் நாட் கேட்வே வழியாக வெளியே போய், ஒரு கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயைக் கூப்பிடும். திடீரென்று சில அழைப்புகள் மட்டும் தொங்கிப்போய் டைம்அவுட் ஆயின. மறுபடி முயன்றால் சில நேரம் போய்விடும். குழுவில் இருக்கும் தம்பி ஆப் சர்வரின் ஃப்ளோ லாக்கைத் தேடிவிட்டு வந்தான்.

"அண்ணே, ஒரு REJECT கூட இல்ல. நம்ம பக்கம் சுத்தம். அவங்க பக்கம்தான் கோளாறு."

நானும் நம்பினேன். கூரியர்காரர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன், அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வெட்கம்தான். அப்புறம் மத்தியானம் தே தாரிக் குடிக்க இறங்கியபோது ஒன்று உறைத்தது. ஆப் சர்வரின் இன்டர்ஃபேஸில் வெளியே போன வரி ACCEPT என்று இருந்தது, சரி. ஆனால் அந்த ஐபியிலிருந்து திரும்பி வந்த வரியே இல்லை. அங்கே வந்து சேராத பதிலை அந்த இன்டர்ஃபேஸ் எப்படி REJECT என்று எழுதும்? பதில் வழியில் எங்கோ மாட்டியிருக்கிறது. வழியில் இருப்பது நாட் கேட்வே.

நாட் கேட்வேக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் உண்டு, அதற்கும் ஃப்ளோ லாக் எழுதப்படும். கிளவுட்வாட்ச் லாக்ஸ் இன்சைட்ஸில் இப்படித் தேடினேன்:

```
filter interfaceId = "eni-0a1b2c3d4e5f67890"
  and action = "REJECT" and srcPort = 443
| stats count(*) as n by srcAddr, dstPort
| sort n desc
```

`srcPort = 443` என்பதை விட்டுவிடாதீர்கள். நாட் கேட்வேயின் பொது ஐபியை இணையத்தில் உலவும் ஸ்கேனர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த REJECT குப்பையில் நமக்கு வேண்டியது புதைந்துபோகும். எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443-இலிருந்து வருவது என்றால் அது பெரும்பாலும் நாம் கேட்ட கேள்விக்கு வந்த பதில். கிடைத்த வரிகளில் ஒன்று, ஐபிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
2 123456789012 eni-0a1b2c3d4e5f67890 203.0.113.25 10.0.1.9 443 14322 6 4 240 1750144211 1750144268 REJECT OK
```

443-இலிருந்து 14322-க்கு, டிசிபி, 4 பாக்கெட், 240 பைட். ஆக ஒரு பாக்கெட்டுக்கு 60 பைட். தரவு எதுவும் இல்லை, இணைப்புக்கு 'சரி' சொல்லும் முதல் பதிலையே அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. நேரம் யுடிசி நொடிக் கணக்கு. 8 மணி நேரம் கூட்டினால் நம் ஊரில் ஜூன் 17, மாலை 3:10. தம்பியின் டைம்அவுட் பட்டியலிலும் அதே நேரம்.

நாட் கேட்வேக்கு செக்யூரிட்டி குரூப் கிடையாது. எனவே அங்கே REJECT என்றால் குற்றவாளி ஒருவர்தான். எந்த விதி என்பதை dstPort பட்டியலே காட்டிக்கொடுத்தது: 443-இலிருந்து வந்து தடுக்கப்பட்ட போர்ட்கள் எல்லாமே 32768-க்குக் கீழே, இல்லாவிட்டால் 60999-க்கு மேலே. நடுவில் ஒன்றுகூட இல்லை.

அந்த இரண்டு எண்களையும் எழுதியவன் நான்தான். ஆடிட்டர் ஏசிஎல்லை இறுக்கச் சொன்னார். வெளியே போகும் இணைப்புக்கு எந்தத் தற்காலிகப் போர்ட்களை எடுக்கும் என்று சொல்லும் `ip_local_port_range` எங்கள் லினக்ஸ் சர்வரில் என்ன என்று பார்த்து, பொது சப்நெட்டின் உள்வரும் விதி 110-இல் 32768–60999 என்று போட்டேன். ஆனால் வெளி உலகத்தோடு பேசுவது லினக்ஸ் சர்வர் இல்லை, நாட் கேட்வே. அது தானாக வேறு போர்ட்டைப் போட்டுக்கொள்ளும், 1024 முதல் 65535 வரை எதையும். அந்த 64,512 போர்ட்களில் நான் திறந்து வைத்திருந்தது 28,232. விதி 110-இல் பொருந்தாதவை `*`-இல் போய் விழுந்தன. வரம்பை 1024–65535 ஆக்கியதும் டைம்அவுட் நின்றது.

இதற்கு முன் செய்த இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க REJECT மட்டும் பதிவானால் போதும் என்று சில மாதம் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் கேள்வி-பதில் ஜோடி கிடைக்காது, யார் தடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஃப்ளோ லாக்கை உருவாக்கிய பிறகு அமைப்பை மாற்றவும் முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், பழைய நாட்களுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. இப்போது இரண்டையும் பதிவு செய்கிறேன், ஆனால் பதிவுகளை 14 நாள்தான் வைத்திருக்கிறேன்.

ACCEPT-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. விதி 110-ஐ அகலமாக்கிய மறுவாரம் ஆடிட்டர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார்: முன்பின் தெரியாத ஐபியிலிருந்து நாட் கேட்வேயின் 3389-க்கு, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டுக்கு, ACCEPT. "திறந்துவிட்டுட்டீங்களே" என்றார். ஏசிஎல் விட்டது என்பது மட்டுமே அந்தச் சொல்லின் பொருள். உள்ளிருந்து யாரும் தொடங்காத இணைப்பை நாட் கேட்வே தானே கீழே போட்டுவிடும், அதை லாக்கில் எழுதாது. அதே ஐபியை எங்கள் தனி சப்நெட்டுகளின் எல்லா இன்டர்ஃபேஸ்களிலும் அவர் முன்னாலேயே தேடிக் காட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. அவர் அந்தத் தேடலையே தன் அறிக்கையில் ஒட்டிக்கொண்டு போனார்.