செவ்வாய்க்கிழமை ஓ.பி.யா, பதில் கடிதமா? நெல்லையில் புதிதாக அமரும் சிறுநீரக மருத்துவருக்கு

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ புதிதாக அமரும் ஸ்பெஷலிஸ்ட் தன் வருகையை ஊருக்குச் சொல்ல வழிகள் குறைவு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் நோயாளியை நேராகவோ சுற்றிவளைத்தோ அழைப்பதைத் தடுக்கின்றன. தொழில் தொடங்கும்போது, முகவரி மாறும்போது என்று சில சமயங்களில் மட்டும் பத்திரிகையில் முறையான அறிவிப்பு கொடுக்கலாம். போர்டில் சொந்தப் படம் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே நடப்பில் தொடர்ந்தன. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 6.4ஆம் விதிப்படி குற்றம். அந்தப் பாதையை இங்கே பேசப்போவதில்லை.

மிச்சமிருப்பவை இரண்டு. அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் போன்ற ஊரில் வாரம் ஒரு மாலை ஓ.பி. நடத்துவது ஒன்று. இருந்த இடத்திலேயே இருந்து, நோயாளியை அனுப்பும் ஊர் டாக்டருக்கு ஒவ்வொரு முறையும் பதில் கடிதம் எழுதி, நோயாளியை அவரிடமே திருப்பி அனுப்புவது இன்னொன்று. நான் தேர்ந்தது இரண்டாவதை. அதனால் என் தட்டு அந்தப் பக்கம் தாழ்ந்தே இருக்கும்.

வெளியூர் ஓ.பி.யின் பலன் சீக்கிரம் தெரியும். நோயாளிக்குப் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம். சிக்கல் இடத்தில் தொடங்குகிறது. பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பின் பின்னறைதான் கிடைக்கும். "பிரதி செவ்வாய் மாலை 4 முதல்" என்று கடை வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கும். மருந்துக்கடையில் டாக்டர் போர்டு மாட்டுவது முறையல்ல என்று விதி நேராகவே சொல்கிறது. போர்டு மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. பெயர், பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண், பதிவு செய்த கவுன்சில் தவிர அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. (வக்கீல்களுக்கு இது இன்னும் இறுக்கம்: பார் கவுன்சிலின் 36ஆம் விதிப்படி எந்த வகை வழக்கில் தேர்ந்தவர் என்பதைக்கூடப் பெயர்ப் பலகையில் எழுத முடியாது.) கடைக்கார அண்ணாச்சி வாடகை வேண்டாம் என்றால் அங்கேதான் கவனம் வேண்டும். மருந்துச் சீட்டுகள் எல்லாம் அவர் கவுண்டருக்கே போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் அது கமிஷனின் இன்னொரு உருவம். வாடகையை ரசீதோடு கொடுத்துவிடுவதுதான் வழி. அறை ஒரு நர்சிங் ஹோமில் கிடைத்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

மருத்துவர் சங்கமான ஐ.எம்.ஏ.வின் கிளைக் கூட்டங்களும் சி.எம்.இ. என்ற தொடர்கல்வி உரைகளும் முகம் தெரியவைக்கும். அந்தத் தொடர்கல்வி ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் எப்படியும் தேவை. ஆனால் கைகுலுக்கியவர் அடுத்த வாரமே நோயாளியை அனுப்புவார் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரே கேள்வி: பார்த்து முடித்த நோயாளி யாரிடம் திரும்பிப் போகிறார்? ஊர் டாக்டருக்கு உள்ள பெரிய தயக்கம், அனுப்பிய குடும்பம் அத்தோடு கைவிட்டுப் போய்விடும் என்பதே. அவர் ஊரிலேயே வாராவாரம் போய் உட்கார்ந்தால் அந்தத் தயக்கம் உறுதியாகிவிடும். காய்ச்சல், சளிக்குக்கூட "பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை வாராரு" என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் பொதுவாக அந்த நோயாளியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது, அனுப்பியவரைக் குறை சொல்லக் கூடாது என்று 4.3ஆம் விதி சொல்கிறது. ரெஃபர் செய்பவர் நோய் விவரச் சுருக்கம் தர வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் தன் கருத்தை எழுத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 3.6. விளம்பரம் மூடப்பட்ட தொழிலில் விதியே கேட்டு வாங்கும் ஒரே தொடர்பு இந்தக் கடிதம்தான். ஆனால் பலர் எழுதுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் அதற்கு ஈடாகாது. நாலு பக்கத்தில் தனக்கான வேலை எது என்று ஊர் டாக்டர் தேட வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரிக் கேஸைப் பார்க்கலாம். முக்கூடலிலிருந்து வரும் 54 வயதுப் பெண், பீடித் தொழிலாளி. பத்து வருடச் சர்க்கரை. முதுகுவலிக்கு அடிக்கடி டைக்ளோபெனாக். மெட்பார்மின் காலை 1000, இரவு 1000 மில்லிகிராம். ரத்த அழுத்தம் 150/90, சிறுநீரில் புரதம் 2+, கிரியேட்டினின் 1.8. ஊர் டாக்டர் சீட்டில் ஒரே வரி: "கிரியேட்டினின் கூடுகிறது, பார்க்கவும்." வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 33.

கடிதம் அரைப் பக்கம். முதல் வரியில் அவர் கேட்டதற்குப் பதில்: சர்க்கரையால் வந்த சிறுநீரகப் பாதிப்பாகத் தெரிகிறது, வலி மாத்திரையும் கூடச் சேர்ந்திருக்கலாம், இப்போது டயாலிசிஸ் தேவையில்லை. அடுத்து மாற்றியவை, காரணத்தோடு: டைக்ளோபெனாக் நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமால், இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே இருப்பதால் மெட்பார்மின் 500 வீதம் இருவேளை. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரில் போகும் புரதத்துக்கும் டெல்மிசார்ட்டன் 20 தொடக்கம். மூன்றாவதாக அவர் செய்ய வேண்டியது: இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் உங்களிடமே பார்க்கவும். இந்த மாத்திரையால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது வழக்கம், 30 சதவீதம் வரை, அதாவது 2.3 வரை, தொடரலாம். அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் 5.5க்கு மேல் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடவும். கடைசியில் செல் நம்பரும், மூன்று மாதம் கழித்து இங்கே ஒருமுறை என்ற குறிப்பும்.

அந்த "2.3 வரை தொடரலாம்" என்ற வரிதான் கடிதத்தின் உயிர். அது இல்லாவிட்டால் 2.0 என்று ரிப்போர்ட் வந்ததும் ஊர் டாக்டர் பயந்து நல்ல மாத்திரையை நிறுத்திவிடுவார், அல்லது நோயாளியை மறுபடி பஸ் ஏற்றிவிடுவார். "இத்தனை நாள் டைக்ளோபெனாக் கொடுத்தது தவறு" என்று ஒரு சொல் நுழைந்தால் அந்த டாக்டரிடமிருந்து அடுத்த நோயாளி வரமாட்டார். நிறுத்தியதையும் காரணத்தையும் எழுதினால் போதும்.

அன்றே எழுதி நோயாளி கையிலேயே கொடுக்க வேண்டும். பை மாறிப்போகும், லெட்டர் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். எனவே நோயாளியின் சம்மதத்தோடு அந்த டாக்டரின் தனி நம்பருக்கு ஒரு பிரதி. வாட்ஸ்ஆப் குழுவில் போடவே கூடாது. நோயாளியின் பெயர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கடிதத்துக்குப் பராமரிப்பு ஒரு நோட்டு. அனுப்பியவர் பெயர், தேதி, கடிதம் போன தேதி, இரண்டு வார ரிப்போர்ட் அவரிடம் எடுக்கப்பட்டதா என்று நான்கு பத்திகள். நாலாவது காலியாகவே இருந்தால் நோயாளி திரும்பிப் போகவில்லை என்று பொருள். பெரும்பாலும் "மாத்திரை முடிஞ்சா இங்கயே வாங்க" என்று நம் வரவேற்பு மேசையில் சொல்லியிருப்பார்கள். அதை அங்கேயே திருத்த வேண்டும். இந்த வழி மெதுவானது, முதல் சில மாதம் அறை காலியாகத்தான் இருக்கும். கடன் தவணை நெருக்குபவர் வெளியூர் ஓ.பி.யைத் தேர்ந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் டாக்டர்களை முதலில் போய்ப் பார்த்து, அவர்கள் சீட்டோடு வருபவர்களை மட்டும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இவ்வளவும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் போல ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்களுக்குப் பொருந்தும். எலும்பு முறிவுக்கு எனக்கு அனுபவம் போதாது. நாலுவழிச் சாலை விபத்தில் 108 ஏறி வருபவருக்கு ஊர் டாக்டரின் சீட்டு இருக்காது. அங்கே கடிதத்துக்கு இவ்வளவு வேலை இருக்குமா என்பதை அந்தத் துறைக்காரர்தான் சொல்ல வேண்டும்.